‘ஐதர்’, ‘நைதர்’: வினைச்சொல் யார் பக்கம்?



இன்று ஆங்கில மொழியில் வழங்கும் இரண்டு சிறிய சொற்களின் வரலாற்றைச் சொல்ல வந்திருக்கிறோம். ஒன்று ‘ஐதர்’, அதன் துணை ‘ஓர்’. மற்றொன்று ‘நைதர்’, அதன் துணை ‘நோர்’. ‘இதுவாவது அதுவாவது’ என்று சொல்ல முதல் சோடி. ‘இதுவும் இல்லை, அதுவும் இல்லை’ என்று சொல்ல இரண்டாவது சோடி. சிலர் ஐதர், நைதர் என்பார்கள். சிலர் ஈதர், நீதர் என்பார்கள். இங்கிலாந்தில் முன்னது மிகுதி, அமெரிக்காவில் பின்னது மிகுதி. இரண்டும் சரியே. பிள்ளைகள் எப்படி உச்சரித்தாலும் திட்ட வேண்டாம்.

இந்தச் சொற்களைப் பற்றிப் பேச நமக்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

நாம் ஒரு தோட்டப் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த காலம். அரையாண்டுத் தேர்வு. ஆங்கிலத் தாளில் கோடிட்ட இடத்தை நிரப்பும்படி ஒரு கேள்வி. ‘என் அப்பாவும் வீட்டில் இல்லை, என் அண்ணன்மாரும் வீட்டில் இல்லை’ என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் ‘நைதர் மை ஃபாதர் நோர் மை பிரதர்ஸ்’ என்று தொடங்கி, பிறகு ஒரு கோடு, அதன்பின் ‘அட் ஹோம்’. கோட்டில் ஒருமைக்குரிய ‘வாஸ்’ எழுதுவதா, பன்மைக்குரிய ‘வேர்’ எழுதுவதா? பயிற்சிக் கல்லூரிக் காலத்தில் நாம் மனப்பாடம் செய்திருந்த சூத்திரம் ஒன்றே ஒன்றுதான்: “ஐதர், நைதர் வந்தால் வினை ஒருமை.” அதையே வகுப்பிலும் சொல்லிக் கொடுத்திருந்தோம். ஒரு சிறுமி மட்டும் ‘வேர்’ என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அடித்து ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தோம். அந்த ஒரு மதிப்பெண்ணில் அவளுக்கு முதல் இடம் போய்விட்டது. பரிசுப் பெட்டியும் போய்விட்டது.

அன்று மாலை அவளுடைய தகப்பனார் பால் கொட்டகையிலிருந்து நேராக நம் வீட்டுக்கு வந்தார். மரம் வெட்டிய கைகூடக் கழுவவில்லை. “வாத்தியாரையா, கோவிச்சுக்காதீங்க. மூத்தவன் பட்டணத்துப் பள்ளிக்கூடத்துப் புத்தகத்துல வேற மாதிரி போட்டிருக்காம். பிள்ளை அழுதுக்கிட்டே இருக்கு. எது சரின்னு நீங்கதான் சொல்லணும்” என்றார். புத்தகத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தார். புரட்டிப் பார்த்தோம். பிள்ளை எழுதியதே அதில் இருந்தது.

அன்றிலிருந்து இந்தச் சங்கதியைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம். நாம் கற்ற சூத்திரம் பொய்யல்ல, பாதி. மீதிப் பாதி எங்கே விழுந்துபோயிற்று என்பதைத்தான் இன்று வரலாறாகச் சொல்கிறோம்.

நம் பிள்ளைகளுக்கு இந்த இடம் ஏன் கடினமாக இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். தமிழில் ‘அப்பாவும் வரவில்லை, அண்ணன்மாரும் வரவில்லை’ என்கிறோம். ஒருவர் வராவிட்டாலும் ‘வரவில்லை’. பத்துப் பேர் வராவிட்டாலும் ‘வரவில்லை’. ‘இல்லை’ என்ற சொல் ஒருமை பன்மை பார்ப்பதில்லை. ‘நீயாவது அவர்களாவது போக வேண்டும்’ என்றாலும் ‘வேண்டும்’ அசைவதில்லை. மலாய் மொழியிலோ வினைச்சொல் எந்த இடத்திலும் ஒருமை பன்மைக்காக மாறுவதே கிடையாது. ஒருவன் வந்தாலும் ‘டத்தாங்’, ஊரே வந்தாலும் ‘டத்தாங்’. ஆக, வீட்டுத் தமிழும் பள்ளி மலாயும் எழுப்பாத ஒரு கேள்வியை ஆங்கிலம் மட்டும் பிள்ளையிடம் கேட்கிறது.

ஆங்கிலமும் இந்தக் கேள்வியை எல்லா இடத்திலும் கேட்பதில்லை. பழங்கால ஆங்கிலத்தில் வினைச்சொற்களுக்கு ஒருமைக்கு ஒரு விகுதி, பன்மைக்கு ஒரு விகுதி என்று நிறைய இருந்தன. 1400-ஆம் ஆண்டில் மறைந்த சாசர் என்னும் புலவரின் காலத்தில்கூடப் பன்மை விகுதி வழக்கில் இருந்தது. பின்னர் அது தேய்ந்து, 1600-ஐ நெருங்கும்போது ஏறத்தாழ மறைந்துவிட்டது. இன்று எஞ்சியிருப்பவை மிகச் சில. நிகழ்காலத்தில் ஒருவரைச் சொல்லும்போது வினையின் கடைசியில் வரும் ‘ஸ்’ ஓசை ஒன்று. ‘இஸ், ஆர்’, ‘வாஸ், வேர்’, ‘ஹேஸ், ஹேவ்’ முதலிய சோடிகள் சில. இறந்த காலத்தில் ‘வென்ட்’ என்றால் ஒருவருக்கும் அதுவே, நூறு பேருக்கும் அதுவே. ‘வில்’, ‘கேன்’, ‘மே’ ஆகியவையும் அப்படியே. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பயன்படும்.

இனி சொற்களின் பிறப்புக்கு வருவோம். பழைய ஆங்கிலத்தில் ‘இருவரில் எவர்’ என்று கேட்பதற்கு ஒரு தனிச் சொல் இருந்தது. இன்று ‘வெதர்’ என்று வழங்குவது அதுதான். அதன் முன்னால் ‘எப்போதும்’ என்ற பொருள் தரும் ஒட்டு ஒன்று சேர்ந்து ‘இரண்டில் ஒவ்வொன்றும்’ என்ற பொருளில் ‘ஐதர்’ பிறந்தது. ஆம், முதலில் அதன் பொருள் ‘இரண்டில் ஏதாவது ஒன்று’ அல்ல. ‘இரண்டும் தனித்தனியே’ என்பதே. அந்தப் பழம்பொருள் இன்றும் முற்றாக மறையவில்லை. ஆற்றின் ‘ஐதர் சைட்’ மரங்கள் நிற்கின்றன என்று ஆங்கிலத்தில் எழுதினால், இரு கரையிலும் நிற்கின்றன என்று பொருள். ஏதோ ஒரு கரையில் என்று பொருள் கொள்ளக்கூடாது. ‘இரண்டில் ஒன்று’ என்னும் இன்றைய பொருள் பின்னால் வந்து சேர்ந்தது. துணைச் சொல்லாகிய ‘ஓர்’ என்பதும் ‘இரண்டில் ஒன்று’ என்ற பொருளுடைய ஒரு நீண்ட சொல் வாயில் தேய்ந்து குறுகியதே. இவற்றின் முன்னால் ‘இல்லை’ என்பதைக் குறிக்கும் ‘ந’ ஓசை சேர, ‘நைதர்’, ‘நோர்’ ஆயின.

பிறப்பிலேயே இரண்டைத் தனித்தனியே பிரித்துப் பார்க்கும் சொல் இது. பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒன்றுதானே? ஆகவே இருபுறமும் ஒருமைப் பெயர் இருந்தால் வினை ஒருமை. ‘கிராணியாராவது மண்டோராவது சாவி வைத்திருக்கிறார்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் ‘ஐதர் தெ கிளார்க் ஓர் தெ மண்டோர் ஹேஸ் தெ கீ’. சாவி இருப்பது ஒருவர் இடுப்பில்தான், அதனால் ‘ஹேஸ்’. நாம் மனப்பாடம் செய்த சூத்திரம் இந்த வாக்கியத்துக்கு முற்றிலும் சரி.

‘நைதர்’ சற்றுக் குறும்புக்காரச் சொல். ‘கிராணியாரும் வரவில்லை, மண்டோரும் வரவில்லை’ என்னும்போது நம் மனக்கண்ணில் இரண்டு பேர் வராமல் நிற்கிறார்கள்! அதனால் வாய் தானாகப் பன்மைக்குப் போகிறது. பெரிய எழுத்தாளர்களும் தப்பவில்லை. ஷேக்ஸ்பியர் ‘சிம்பலின்’ நாடகத்தில் ‘நைதர்’ என்ற சொல்லுக்குப் பன்மை வினை கொடுத்திருக்கிறார். ஆங்கிலத்துக்குப் பேரகராதி எழுதிய சாமுவேல் ஜான்சனே ‘நைதர், நோர்’ இடையில் இரண்டு ஒருமைப் பெயர்களை வைத்துப் பன்மையில் முடித்திருக்கிறார். 1926-ஆம் ஆண்டில் ஃபௌலர் என்னும் அறிஞர் தம் நூலில் இதை எடுத்துக்காட்டி, நல்ல எழுத்தாளர்களும் செய்கிற பிழை என்று குறித்தார்.

அப்படியென்றால் இலக்கணக்காரர்கள் சட்டத்தை எப்போது போட்டார்கள்? இங்கேதான் நம் கதையின் முக்கிய மனிதர் வருகிறார். அவர் பெயர் லிண்ட்லி மரே. 1745-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் பிறந்தவர்; நியூயார்க்கில் வழக்கறிஞராக இருந்தவர். உடல்நலம் குன்றி, 1784-ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்கு வந்து, யார்க் நகருக்கு அருகில் ஹோல்கேட் என்னும் இடத்தில் குடியேறினார். தசைகள் வலுவிழந்து, நடமாட்டம் வரவரக் குறைந்து, பிற்காலத்தில் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருந்தார். யார்க்கிலிருந்த ஒரு பெண்கள் பள்ளியின் ஆசிரியைகள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல எளிய இலக்கண நூல் ஒன்று வேண்டும் என்று அவரைக் கேட்டுக்கொண்டார்கள். அதற்காக அவர் எழுதிய ‘இங்கிலிஷ் கிராமர்’ 1795-ஆம் ஆண்டில் வெளிவந்தது. சில பெண்பிள்ளைகளுக்காக எழுதிய நூல், அட்லாண்டிக் கடலின் இரு கரையிலும் இலட்சக்கணக்கில் விற்று, அரை நூற்றாண்டுக்கு மேல் பள்ளிகளை ஆண்டது. ஒரு வாத்தியார் என்ற முறையில் இதைப் படித்தபோது நமக்கு ஒரு மகிழ்ச்சி. ஆசிரியைகள் கேட்காமல் இருந்திருந்தால் அந்த நூல் பிறந்திராது அல்லவா?

மரே தாம் புதிதாக எதையும் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை. முன்னோர் நூல்களிலிருந்து தொகுத்ததாகவே சொன்னார். அந்த முன்னோரில் பெரியவர், 1762-ஆம் ஆண்டில் ஓர் இலக்கண நூலை வெளியிட்ட ராபர்ட் லௌத் என்னும் பாதிரியார்.

நம் கேள்விக்கு மரேயின் நூல் மூன்று விடை தருகிறது. இரண்டும் ஒருமையானால் வினை ஒருமை. ‘நான்’, ‘நீ’ என்று இடம் மாறுபட்டால் வினை தனக்கு அருகில் இருப்பவரைப் பின்பற்ற வேண்டும். மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது. ஒரு பக்கம் ஒருமை, மறுபக்கம் பன்மை என்று கலந்து வந்தால், வினை பன்மையைப் பின்பற்ற வேண்டும். முடிந்தவரை அந்தப் பன்மைப் பெயரை வினைக்குப் பக்கத்தில் வைத்து எழுத வேண்டும் என்கிறார் அவர்.

கவனித்தீர்களா? அவர் சொன்னது ‘அருகில் இருப்பதே வெல்லும்’ என்பதல்ல. ‘பன்மையே வெல்லும்; அதை அருகில் வைத்துவிடு’ என்பது. அவர் சொன்னபடி எழுதினால் பன்மையும் அதுவே, அருகில் இருப்பதும் அதுவே. எதன் காரணமாக வினை பன்மையாயிற்று என்று வாக்கியத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அந்த மயக்கத்திலிருந்தே இன்னொரு சட்டம் வலுப்பெற்றது. மரேயின் நூலைக் கடுமையாகத் தாக்கிய கூல்டு பிரவுன் என்னும் அமெரிக்கர், 1851-ஆம் ஆண்டில் தடித்த இலக்கண நூல் ஒன்றை வெளியிட்டார். எண் மாறுபட்டாலும் சரி, இடம் மாறுபட்டாலும் சரி, வினை தனக்கு அடுத்து நிற்பதையே பின்பற்ற வேண்டும் என்பது அவர் கட்சி. மரே ‘நான், நீ’ என்பதற்கு மட்டும் வைத்த விதி, இப்படி எல்லாவற்றுக்கும் பொது விதியாயிற்று. நூற்றுக்கணக்கான பள்ளி நூல்கள் பின்னர் இதையே திருப்பிச் சொல்லின. நாம் படித்த பயிற்சிக் கல்லூரிக் குறிப்பிலோ, முதல் விதி மட்டும் தங்கி, மற்றவை உதிர்ந்துவிட்டன. சுருக்கிச் சுருக்கி எழுதினால் இப்படித்தான் ஆகும்.

1985-ஆம் ஆண்டில் குவர்க், கிரீன்பாம், லீச், ஸ்வார்ட்விக் என்னும் நால்வர் சேர்ந்து ஆங்கிலத்தின் மிகப் பெரிய இலக்கண நூல்களில் ஒன்றை வெளியிட்டார்கள். மக்கள் உண்மையில் எப்படிப் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள் என்பதைப் பார்த்து எழுதிய நூல் அது. வினையை மூன்று விசைகள் இழுக்கின்றன என்று அவர்கள் விளக்கினார்கள். சொல்லின் வடிவு ஒன்று, மனத்தில் தோன்றும் எண்ணிக்கை ஒன்று, அருகாமை ஒன்று. ‘ஐதர், ஓர்’ வரும் இடத்தில் எண் கலந்தால் அருகாமையே வழிகாட்டும் என்றார்கள். ‘நைதர், நோர்’ பற்றி, பேச்சில் இரு ஒருமைப் பெயர்கள் வந்தாலும் பன்மை வினை இயல்பாக வருகிறது என்று ஒப்புக்கொண்டார்கள். ஜான்சனுக்குப் பாதி மன்னிப்பு கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் தேர்வுத் தாளில் அந்த மன்னிப்பை நம்ப வேண்டாம் என்றே நம் மாணவர்களுக்குச் சொல்வோம். இரண்டும் ஒருமையானால் ஒருமையே எழுதுங்கள்.

இப்போது அந்தச் சிறுமியின் விடைத்தாளை எடுத்துக்கொள்வோம். ‘நைதர் மை ஃபாதர் நோர் மை பிரதர்ஸ்’. முதலில் இரு பெயர்களையும் பிரியுங்கள். ஃபாதர் ஒருவர்; பிரதர்ஸ் பலர். எண் கலந்திருக்கிறது. ஆகவே ஒருமைச் சூத்திரம் இங்கே செல்லாது. மரேயைக் கேட்டால், ‘பிரதர்ஸ் பன்மை, அது வினைக்கு அருகிலும் இருக்கிறது, வேர் எழுது’ என்பார். பிரவுனைக் கேட்டால், ‘அருகில் பிரதர்ஸ், வேர் எழுது’ என்பார். நால்வர் நூலும் அதையே சொல்லும். சண்டைக்காரர்கள் எல்லாரும் ஒத்துப்போகிற விடையை எழுதிய பிள்ளைக்கு நாம் சுழி போட்டிருக்கிறோம்!

வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ‘நைதர் மை பிரதர்ஸ் நோர் மை ஃபாதர்’. இப்போது வினைக்கு அருகில் ஃபாதர். பிரவுன் வழியில் ‘வாஸ்’. மரே வழியில் ‘வேர்’. இன்றைய பள்ளி நூல்கள் பெரும்பாலும் ‘வாஸ்’ என்றே சொல்லும். ஆனால் ‘பிரதர்ஸ்’ என்று பலரைச் சொல்லி ‘வாஸ்’ என்று முடிக்கும்போது காதுக்கு ஏதோ தட்டுகிறது அல்லவா? அதனால்தான் பன்மையைக் கடைசியில் வைக்கும்படி மரே சொன்னது இருநூறு ஆண்டுக்குப் பின்னும் நல்ல யோசனையாக இருக்கிறது. கட்டுரை, கடிதம் எழுதும்போது பெயர்களின் வரிசை நம் கையில்தானே இருக்கிறது? பன்மையைப் பின்னால் தள்ளினால் இரண்டு சட்டமும் திருப்தியாகும், காதும் திருப்தியாகும்.

பிள்ளைகள் தவறும் இன்னோர் இடம் உண்டு. கேள்வி வாக்கியத்தில் வினை முன்னே வந்துவிடும். ‘அப்பாவாவது அண்ணன்மாராவது வருகிறார்களா’ என்பதை ஆங்கிலத்தில் கேட்கும்போது ‘இஸ்’ அல்லது ‘ஆர்’ முதலில் நிற்கும். அப்போது அருகில் இருப்பது கடைசிப் பெயர் அல்ல, முதல் பெயர். ‘கடைசிப் பெயரைப் பார்’ என்று மனப்பாடம் செய்த பிள்ளை இங்கே விழும். ‘பக்கத்துப் பெயரைப் பார்’ என்று படித்த பிள்ளை தப்பும். அப்பா முதலில் வந்தால் ‘இஸ்’, அண்ணன்மார் முதலில் வந்தால் ‘ஆர்’.

‘நீயாவது நானாவது தவறு செய்திருக்கிறோம்’ என்று எழுதவேண்டி வந்தால்? அருகாமை விதிப்படி ‘ஐ’ பக்கத்தில் இருப்பதால் ‘ஆம்’ வரும். விதிக்குச் சரி, ஆனால் கேட்க நன்றாயில்லை. இப்படிப்பட்ட இடத்தில் வாக்கியத்தை இரண்டாக உடைத்துவிடுவது நல்லது. ‘ஐதர் யூ ஆர் ராங், ஓர் ஐ ஆம்’. ஆளுக்கு ஒரு வினை கொடுத்தாயிற்று, வழக்கு முடிந்தது. சற்று முன் நினைவில் வைக்கச் சொன்னோமே, அதுவும் இங்கே உதவும். ‘வில்’, ‘கேன்’ போன்றவை எண்ணுக்காக மாறுவதில்லை. தோட்ட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதும்போது, ‘சம்பளத்தை வாங்க என் அண்ணன்மாராவது அப்பாவாவது வருகிறார்’ என்பதற்குப் பதிலாக ‘வருவர்’ என்ற பொருளில் ‘வில் கம்’ என்று போட்டுவிட்டால் எந்த இலக்கணக்காரரும் நம்மைப் பிடிக்க முடியாது.

அந்தத் தகப்பனாரிடம் அன்றிரவே விடை சொல்ல நமக்குத் தெரியவில்லை. “இரண்டு நாள் கொடுங்கள்” என்று சொல்லி அனுப்பினோம். பட்டணத்து நூலகத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டு, மூன்றாம் நாள் காலை வகுப்பில், எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் சிவப்புக் கோட்டை அடித்துவிட்டு மதிப்பெண்ணைத் திருத்தினோம். முதல் இடத்துக்கு இரண்டு பேர் ஆனார்கள். பரிசுப் பெட்டி ஒன்றுதான் இருந்தது. அதை முன்பே கொடுத்தாயிற்று. கொடுத்த பிள்ளையிடமிருந்து திரும்ப வாங்க மனம் வரவில்லை. சம்பளத்தன்று பட்டணத்துக்குப் போனபோது, அதே நிறத்தில் இன்னொரு பெட்டி வாங்கி வந்து அவளிடம் கொடுத்தோம்.